சாய்வு ராஸ்டரில் 94 நிமிடம், காலால் நடந்தால் 32 நிமிடம்: பிழை எங்கே?

நெடுங்கேணி_மாணவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மப்பா 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். பெரியம்மாவின் குடும்பம் மட்டும் இன்னும் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், லயத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து அவர்களுடைய சுகாதார நிலையத்துக்கு நடந்து செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணிப்பதையே இறுதியாண்டு ஆய்வின் ஒரு பகுதியாக எடுத்திருக்கிறேன்.

30 மீற்றர் கட்டங்களாலான உயர மாதிரியை எடுத்து, `gdaldem slope` கட்டளையால் சாய்வு ராஸ்டரை உருவாக்கி, பாகையை S என்ற டான் மதிப்பாக மாற்றி, டோப்ளரின் நடைவேகச் சார்பில் இட்டேன்.

```
W = 6 * exp(-3.5 * abs(S + 0.05))
```

W மணிக்கு கிலோமீற்றரில் வருவதால், 3.6 ஐ W ஆல் வகுத்து ஒரு மீற்றருக்கு எத்தனை செக்கன் என்ற செலவு ராஸ்டரை ஆக்கினேன். பின்னர் சுகாதார நிலையத்திலிருந்து கட்டம் கட்டமாகக் கூட்டிச் செல்லும் குவிசெலவைக் கணக்கிட்டேன். லயம் ஏறக்குறைய 1240 மீற்றரிலும் நிலையம் 1000 மீற்றரிலும் இருக்கின்றன. நேர்க்கோட்டில் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம். விடையாக 94 நிமிடம் வந்தது. கடந்த மாதம் நானே நடந்தபோது கீழே இறங்க 32 நிமிடமும் திரும்பி ஏற 46 நிமிடமுமே எடுத்தன. மூன்று மடங்கு வேறுபாட்டை மேற்பார்வையாளரிடம் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

ஓமந்தையான்

தங்கச்சி, உயர மாதிரி அகலாங்கு, நெட்டாங்கிலேயே இருந்திருக்கும். கிடைத்தூரம் பாகையிலும் உயரம் மீற்றரிலும் இருந்தால் சாய்வு எல்லாம் செங்குத்தாகத்தான் வரும். மீற்றரில் அளக்கும் `EPSG:32644` க்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதைவிட, கிராஸ் மென்பொருளில் உள்ள `r.walk` ஐப் பயன்படுத்தினால் இந்தத் தலையிடியே இல்லை. டோப்ளரின் சார்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

நெடுங்கேணி_மாணவி

அண்ணா, அதை முதலிலேயே மாற்றிவிட்டேன். சாய்வுகள் நம்பக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. இடைப்பட்ட கட்டங்களின் சராசரி ஏறக்குறைய 24 பாகை, மிகச் செங்குத்தான இடம் 41 பாகை.

மாங்குளத்தார்

இவ்வளவு கணக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கைபேசி வரைபடத்தில் நடைக்கான குறியை அழுத்தினால் நேரத்தைக் காட்டுமே. எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, சாய்வும் இல்லை. மார்கழியில் குளம் வான் பாய்ந்தால் பதினைந்து நிமிட வழி ஒன்றரை மணித்தியாலச் சுற்றாகிவிடும். உங்கள் சூத்திரத்தில் தண்ணீருக்கு எங்கே இடம்?

அளவையாளர்_ஓய்வு

மாங்குளத்தாரின் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் வேறு கேள்வி. கைபேசி வரைபடம் தன்னிடம் பதிந்துள்ள வீதிகளில் மட்டுமே நடக்கும். தோட்டத்துக் குறுக்குப்பாதை அதில் இல்லையென்றால் லொறிப் பாதையைச் சுற்றிக் காட்டிவிடும்.

பிள்ளையின் சிக்கலுக்கு வருகிறேன். உங்களுடைய கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ராஸ்டரிடம் ஒன்றைக் கேட்டீர்கள், அது வேறொன்றுக்கு விடை தந்திருக்கிறது. `gdaldem slope` ஒவ்வொரு கட்டத்திலும் நிலம் எந்தத் திசையில் மிக அதிகமாகச் சரிகிறதோ அந்தச் சரிவைத் தருகிறது. நடப்பவர் எந்தத் திசையில் போகிறார் என்பது அதற்குத் தெரியாது. ஓலைக் கூரையில் மழைத்தண்ணீர் ஓடும் சரிவு ஒன்று. அதே கூரையில் ஓணான் குறுக்காக ஓடினால் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நீங்கள் ஓணானின் வேகத்தைத் தண்ணீரின் சரிவை வைத்துக் கணித்திருக்கிறீர்கள்.

எண்ணில் பார்ப்போம். 30 பாகைச் சரிவின் டான் மதிப்பு 0.577. அதை ஏறுவதாகச் சார்பில் இட்டால் மணிக்கு 0.67 கிலோமீற்றர் வரும். அதே சரிவில் கான் ஓரமாகக் கிடையாகச் செல்லும் பாதையின் உண்மையான சாய்வு 0.03 என்றால் வேகம் 4.5 கிலோமீற்றர். ஒரே கட்டத்தில் ஏறக்குறைய ஏழு மடங்கு வேறுபாடு. மலைநாட்டில் பாதை போடுபவர்கள் எல்லோரும் சரிவைத் தவிர்த்து வளைத்து வளைத்தே போடுவதால் இந்தப் பிழை சராசரியில் கரைந்துபோகாது, எப்போதும் நேரத்தைக் கூட்டும் பக்கமாகவே விழும்.

இரண்டாவது, `gdaldem` தரும் சாய்வுக்குக் குறி இல்லை, எல்லாம் நேர் எண்கள். டோப்ளரின் சார்பு சமச்சீரானதன்று. அதன் உச்சமான 6 கிலோமீற்றர், மெல்லிய இறக்கமாகிய −0.05 இல்தான் வரும், சமதரையில் 5.04 தான். குறி தொலைந்துவிட்டால் இறங்குபவரும் ஏறுபவராகிவிடுகிறார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, உங்கள் வேக ராஸ்டரின் மிக உயர்ந்த மதிப்பைப் பார்ப்பது. அது 5.04 ஐத் தாண்டவில்லை என்றால் குறி தொலைந்தது உறுதி.

நெடுங்கேணி_மாணவி

ஐயா, இப்போதே பார்த்தேன். உச்ச மதிப்பு 5.037. சரியாக அங்கேயே நிற்கிறது. இதை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஓமந்தையான்

அப்படியென்றால் நான் சொன்ன `r.walk` தானே விடை? அது திசையைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறது.

அளவையாளர்_ஓய்வு

திசையைப் பார்க்கிறது என்பது சரி. அது டோப்ளர் என்பது சரியன்று. `r.walk` இல் இருப்பது மலைநடை நேரத்துக்கான நெய்ஸ்மித் விதியை லாங்மியூர் திருத்திய வடிவம். கிடையாக ஒரு மீற்றருக்கு 0.72 செக்கன், அதாவது மணிக்கு 5 கிலோமீற்றர். ஒரு மீற்றர் ஏறினால் மேலதிகமாக 6 செக்கன். மெல்லிய இறக்கத்தில் ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 2 செக்கன் குறையும், செங்குத்தான இறக்கத்தில் அதே அளவு கூடும்.

இரண்டும் சமதரையில் ஒத்துப்போவதால் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். சரிவில் பிரிந்துவிடும். பிள்ளை, நீங்கள் நடந்த பாதையின் உண்மையான நீளம் எவ்வளவு?

நெடுங்கேணி_மாணவி

கைபேசியில் பதிந்த தடத்தின்படி 2.4 கிலோமீற்றர்.

அளவையாளர்_ஓய்வு

அப்படியானால் சராசரிச் சாய்வு பத்தில் ஒன்று. டோப்ளரின்படி இறங்க ஏறக்குறைய 29 நிமிடம், ஏற 41 நிமிடம். `r.walk` இன் விதிப்படி இறங்க 21, ஏற 53. நீங்கள் நடந்தது 32, 46. போகவரக் கூட்டினால் இரண்டும் உங்களுடைய 78 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், ஆனால் தனித்தனியாக எடுத்தால் உங்கள் நடைக்கு டோப்ளரே நெருக்கம். ஒருவருடைய ஒரு நாள் நடையை வைத்து எந்தச் சார்பு சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

`r.walk` ஐப் பயன்படுத்துவதானால் ஒன்றில் கவனம் தேவை. அது தொடக்கப் புள்ளியிலிருந்து வெளியே நடக்கிறது. சுகாதார நிலையத்தைத் தொடக்கமாகக் கொடுத்தால் வருவது நிலையத்திலிருந்து வீடு திரும்பும் நேரம். நோயாளி நிலையத்துக்கு வரும் நேரம் வேண்டுமென்றால் உயர மாதிரியை எதிர்க்குறியாக்கி ஓட்டுங்கள். மலை பள்ளமாகும், பள்ளம் மலையாகும். வெளியே செல்பவரின் ஏற்றம் உள்ளே வருபவரின் இறக்கமாகிவிடும்.

```
r.mapcalc "dem_neg = -1 * dem"
r.mapcalc "friction = 0"
r.walk elevation=dem_neg friction=friction \
  output=time_to start_points=clinic
```

எதிர்க்குறியாக்கிய மாதிரியிலும் ஆக்காத மாதிரியிலும் ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். லயத்தின் இடத்தில் இரண்டும் ஒன்றாக வந்தால் எங்கோ இன்னும் குறி தொலைந்திருக்கிறது.

நெடுங்கேணி_மாணவி

வேறொன்றையும் முயன்றேன். பாதை எதையும் கொடுக்காமல், அடுத்தடுத்த கட்டங்களின் உயர வேறுபாட்டிலிருந்து டோப்ளரைத் திசையோடு கணக்கிட்டு, பாதையில்லா நிலத்துக்கான 0.6 என்ற பெருக்கியையும் சேர்த்தேன். இறங்கும் நேரம் 37 நிமிடம் என்று வந்தது. நான் நடந்த 32 க்கு இது நெருக்கம்தானே? இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா?

அளவையாளர்_ஓய்வு

வேண்டாம். அது தற்செயலாகப் பொருந்தியது. அந்த 37 நிமிடத்தில் உங்கள் கணினி லயத்திலிருந்து நிலையத்துக்கு ஏறக்குறைய நேராக, ஒன்றரைக் கிலோமீற்றர், தேயிலைச் செடிகளையும் கான்களையும் மிதித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. குறைந்த தூரமும் குறைந்த வேகமும் ஒன்றையொன்று ஈடுசெய்தன. அதே முறையில் ஏறும் நேரத்தைக் கேட்டால் 52 நிமிடம் வரும் என்று நினைக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்கு அந்த ஈடு அப்படியே அமையும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. குறைந்த செலவு வழியை வரைந்து, நீங்கள் நடந்த தடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நேரம் பொருந்தி வழி பொருந்தாவிட்டால் அந்த நேரத்தை நம்பக்கூடாது.

ஒட்டுசுட்டான்_07

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சோதித்தேன், இந்த இழைக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து பிரதான வீதி வரைக்கும் 6 கிலோமீற்றர் பாதை, கண்ணுக்குத் தெரியும் ஏற்ற இறக்கமே இல்லை. சமதரையில் டோப்ளரின்படி 71 நிமிடம் வரவேண்டும். அதே வகை 30 மீற்றர் உயர மாதிரியில், திசையோடு ஓட்டியபோது 88 நிமிடம் வந்தது. மலையே இல்லாத இடத்தில் 17 நிமிடம் எங்கிருந்து ஏறியது என்று பாதை நெடுகிலும் உயரத்தை வரைந்து பார்த்தேன். வயலைத் தாண்டிக் காடு தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் தரை திடீரென்று 12 மீற்றர் உயர்ந்து, காடு முடியும் இடத்தில் மறுபடி இறங்குகிறது. பாலையும் வீரையும் நிற்கும் காடுதான் அது, குன்று இல்லை.

அளவையாளர்_ஓய்வு

மிக நல்ல சோதனை. இலவசமாகக் கிடைக்கும் இத்தகைய உயர மாதிரிகள் பல விண்ணிலிருந்து ராடாரால் அளந்தவை. அடர்ந்த காட்டில் அவை தரையைப் பார்ப்பதில்லை, மர உச்சிக்கும் தரைக்கும் இடையில் எங்கோ ஓர் உயரத்தைத் தருகின்றன. ஒரே கட்டத்தில் 12 மீற்றர் ஏற்றம் என்றால் சாய்வு 0.4. அந்த 30 மீற்றரைக் கடக்க 21 செக்கனுக்குப் பதில் 87 செக்கன் ஆகும், மறுபுறம் இறங்க 61 செக்கன். ஒரு காட்டுத் துண்டுக்கு ஒன்றேமுக்கால் நிமிடம் பொய்யாகக் கூடுகிறது. உங்கள் பாதையில் பத்துத் துண்டுகள் இருந்திருக்கும்.

ஒட்டுசுட்டான்_07

எண்ணினேன் ஐயா. பத்து.

அளவையாளர்_ஓய்வு

மலைநாட்டில் வேலை செய்பவர்களுக்கு இப்படி ஒரு தட்டையான நிலத்தில் முதலில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பதில்லை. வன்னிக்காரருக்கு அது வாசலிலேயே இருக்கிறது. இங்கே 5.04 இலிருந்து விலகும் ஒவ்வொன்றும் உயர மாதிரியின் இரைச்சல்தான், நிலத்தின் குற்றமன்று. அங்கே சாய்வும் இரைச்சலும் கலந்து நிற்பதால் பிரித்தறிய முடியாது.

பிள்ளை, உங்கள் தோட்டத்தில் தேயிலை தாழ்வானது, அதனால் பெரிய சிக்கல் இராது. ஆனால் இடையில் கருப்பந்தைல மரக்காடு இருந்தால் அதன் விளிம்புகளைப் பாருங்கள். மரம் இல்லாத இடத்திலும் அடுத்தடுத்த கட்டங்களுக்கு இடையில் 5 மீற்றர் உயரப் பிழை இருந்தால் போதும், சமதரை 0.17 சாய்வாகி, ஏறும் வேகம் 2.8 கிலோமீற்றராக விழுந்துவிடும். இதனால்தான் கட்டத்துக்குக் கட்டம் சாய்வு எடுப்பதை நான் விரும்புவதில்லை. உயர மாதிரியைச் சற்று மிருதுவாக்கி, தடத்தை 100 மீற்றர்த் துண்டுகளாக வெட்டி, துண்டின் இரு முனைகளின் உயரத்திலிருந்து மட்டும் சாய்வை எடுங்கள். கிடைத்தூரத்தைக் கைபேசித் தடத்திலிருந்து எடுங்கள், உயரத்தை எடுக்காதீர்கள். கைபேசியின் உயரம் நம்பத்தக்கதன்று.

நெடுங்கேணி_மாணவி

நீங்கள் சொன்னபடியே செய்தேன். 24 துண்டுகள் வந்தன. இறங்க 31 நிமிடம், ஏற 43 நிமிடம். சராசரிச் சாய்வில் வந்த 29, 41 ஐவிட இரண்டு நிமிடம் கூடுதல். பாதை ஓரிடத்தில் ஓடையைத் தாண்டி மீண்டும் ஏறுவதும், நிலையத்துக்கு மேலே உள்ள படிக்கட்டும் இப்போது கணக்கில் வந்துவிட்டன.

ஆனால் அதே பாதையை ராஸ்டரில் வரைந்தபோது அதன் நீளம் 1.9 கிலோமீற்றராகச் சுருங்கிவிட்டது. படிக்கட்டுக்கு மேலே பாதை மூன்று முறை கொண்டை ஊசி போல வளைகிறது. மூன்று வளைவும் இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன.

அளவையாளர்_ஓய்வு

அது கட்டத்தின் பருமனால் வருவது. வளைவுகள் தொலைந்தால் தூரம் குறையும், அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறுவதாகச் சாய்வு கூடும். இரண்டு பிழைகளும் எதிரெதிராக இழுத்தாலும் சமமாக இழுப்பதில்லை. பாதைக் கட்டங்களுக்கு ராஸ்டரின் சாய்வைக் கொடுக்காமல், தடத்திலிருந்து கணித்த துண்டு நேரத்தை அந்தத் துண்டு விழும் கட்டங்களுக்குப் பங்கிட்டுவிடுங்கள். பாதையை விட்டு வெளியே உள்ள நிலத்துக்கு மட்டும் உயர மாதிரியும் 0.6 பெருக்கியும் இருக்கட்டும். லய வாசலிலிருந்து பாதை வரைக்கும் உள்ள சில நூறு மீற்றரை ராஸ்டர் பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுசுட்டான்_07

அங்கே ஓர் இடறல் இருக்கிறது ஐயா. பங்கிட்ட நேரம் ஒரு திசைக்கு உரியது. ஒரே சுகாதார நிலையம் என்றால் எல்லோரும் அதை நோக்கியே வருவார்கள், சரி. மேலே இன்னொரு வைத்தியசாலை இருந்தால், பாதையின் நடுவில் இருக்கும் ஒரு லயத்துக்காரர் இறங்குவாரா ஏறுவாரா என்பது முன்கூட்டியே தெரியாதே.

அளவையாளர்_ஓய்வு

உண்மை. ஒரு நிலையத்துக்கு ஒரு ராஸ்டர் என்று தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்த நேரத்தை எடுக்கலாம். நிலையங்கள் அதிகமானால் பாதைகளை வலையாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று கொடுப்பதே நேர்மையான வழி. அப்போது ராஸ்டருக்கு வேலை குறைந்துவிடும். பிள்ளையின் ஆய்வுத் தலைப்பில் ராஸ்டர் என்ற சொல் இருந்தால் மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ தெரியாது.

மாங்குளத்தார்

என்னுடைய தண்ணீரை மறந்துவிட்டீர்கள்.

ஒட்டுசுட்டான்_07

மறக்கவில்லை அண்ணா. ஓடையையோ வானையோ கடக்கமுடியாத கட்டங்களாக ராஸ்டரில் இடலாம். ஆனால் ஒரு கட்ட அகலத்தில் மூலைவிட்டமாக ஓடும் ஓடையில், இரண்டு கட்டங்கள் மூலையில் மட்டும் தொடும் இடத்தில் கணினி நழுவிக் கடந்துவிடும். நான் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தேன். ஓடையை இரண்டு கட்ட அகலமாக்கி, பாலம் இருக்கும் இடத்தில் மட்டும் திறந்துவிட வேண்டும். மார்கழிக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று இரண்டு ராஸ்டர்கள் வேண்டியிருக்கும்.

நெடுங்கேணி_மாணவி

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. பெரியம்மாவுக்கு வயது 62, முழங்கால் வருத்தம். அவரோடு அதே பாதையில் நடந்தபோது இறங்க 51 நிமிடமும் ஏற 70 நிமிடமும் எடுத்தன. கணித்த நேரத்தை 1.6 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டும் வந்துவிடுகின்றன. ஆய்வில் முதியவர்களுக்கான பெருக்கி 1.6 என்று எழுதலாமா?

ஓமந்தையான்

டோப்ளரின் சார்பே எல்லோருக்கும் பொதுவானது என்றுதான் நான் படித்தேன். அதை மாற்றலாமா?

அளவையாளர்_ஓய்வு

டோப்ளர் அதை 1993 இல் எழுதியபோது எடுவார்ட் இம்ஹோஃப் தந்த நடைத் தரவுகளுக்கே பொருத்தினார். இம்ஹோஃப் சுவிஸ் நாட்டு வரைபடவியலாளர். நோயாளியும் கர்ப்பிணியும் கைக்குழந்தையோடு நடப்பவரும் அந்தத் தரவுகளில் இருந்ததாக நான் அறியேன். எனவே மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் ஒருவரின் ஒரு நடையிலிருந்து பெருக்கி எழுதவேண்டாம்.

எனக்கு இருக்கும் ஐயம் வேறு. ஒரே பெருக்கியால் பெருக்குவது, முதியவரும் மெல்லிய இறக்கத்தில்தான் மிக விரைவாக நடப்பார் என்று எடுத்துக்கொள்வதாகும். முழங்கால் வருத்தம் உள்ளவருக்குப் படியிறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பெரியம்மா எந்தத் துண்டில் எவ்வளவு பிந்தினார் என்று துண்டு துண்டாகப் பாருங்கள்.

நெடுங்கேணி_மாணவி

பார்த்தேன் ஐயா. கிடையான துண்டுகளில் அவர் என்னைவிட ஒன்றேகால் மடங்குதான் நேரம் எடுத்திருக்கிறார். படிக்கட்டில் இறங்கும்போது மூன்று மடங்கு. ஏறும்போது படிக்கட்டில் இரண்டு மடங்குக்குக் குறைவு. நடுவில் இருந்து இளைப்பாறிய நேரத்தையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன், அதைப் பிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

ஒட்டுசுட்டான்_07

பிரிக்காதீர்கள் தங்கச்சி. இளைப்பாறாமல் அவர் வந்து சேரப்போவதில்லை.

அளவையாளர்_ஓய்வு

அதில் நான் உடன்படவில்லை. இளைப்பாறும் நேரம் சாய்வைப் பொறுத்ததன்று, எத்தனை மீற்றர் நடந்து முடிந்தது, வெயில் எப்படி, நிழலில் உட்காரக் கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டத்துக்குக் கட்டம் கூட்டும் செலவு ராஸ்டரில் களைப்புக்கு நினைவு கிடையாது. அதைத் தனியாக எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது இன்னும் நான்கைந்து பேரோடு நடந்து, படிக்கட்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நெடுங்கேணி_மாணவி

தைப்பொங்கலுக்கு அங்கே போகிறோம். பெரியம்மாவின் லயத்தில் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் எட்டு மாதக் கர்ப்பிணி, அவரைப் படிக்கட்டில் நடக்கச் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் வழமையாகச் செல்லும் லொறிப் பாதையைத் தனித் தடமாகப் பதிந்துகொண்டு வருகிறேன்.